அடைப்புக்குறியா, அடிக்குறிப்பா? தமிழில் கல்வியியல் கட்டுரை எழுதுகிறவர் எதைத் தேர்வது

எம்.எட். மாணவர்கள் பருவக் கட்டுரையை ஒப்படைக்கும் வாரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். "வழிகாட்டி ஏபிஏ என்கிறார். நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகளில் எல்லாம் பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஹார்வர்டு என்று ஒன்று வருகிறது. எதைப் பிடித்துக்கொள்வது?" கூடவே இன்னொன்றும் வரும். "ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பதை நான் தமிழில்தானே எழுதுகிறேன், அது எப்படிக் காப்பி ஆகும்?"

இரண்டும் தனித்தனிக் கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள்தான். எந்தச் சொல் யாருடையது என்பதை வாசிக்கிறவருக்குக் காட்டுவதுதான் இரண்டிலும் வேலை. முதலில் மூலத்தைச் சுட்டும் முறைகளை ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் சொந்த நடைக்கு வருகிறேன். உங்கள் துறையின் கையேடு ஒரு முறையைக் கட்டாயமாக்கியிருந்தால் முதல் பாதியைத் தாண்டிவிடலாம். கையேட்டோடு வாதாடி மதிப்பெண் வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு கட்டுரையை வைத்துக்கொள்வோம். தலைப்பு, 'வகுப்பறையில் கூடிக் கற்றலும் ஆசிரியரின் துணையும்'. முக்கிய மூலங்கள் மூன்று. ஒன்று, வைகாட்ஸ்கியின் எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்து ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் 1978இல் வெளியிட்ட நூல். இரண்டு, டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. மூன்று, பி.எட். வகுப்பில் படித்த ஒரு தமிழ்ப் பாடநூல்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். வாசிப்பவர் ஒரு வாக்கியத்திலிருந்து அதன் மூலத்துக்கு ஒரே தாவலில் போக முடிகிறதா? நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தாலோ வெட்டினாலோ குறிப்புகள் உடைந்துபோகின்றனவா? தமிழ்ப் பெயரையும் ஆங்கில மூலத்தையும் ஒன்றாகத் தாங்குகிறதா? கருத்து எந்த ஆண்டு பிறந்தது என்பது கண்ணில் படுகிறதா?

கல்வியியலில் கடைசிக் கேள்விக்குக் கனம் அதிகம். இலக்கியக் கட்டுரையில் ஒரு செய்யுளின் வரி எண் முக்கியம். கல்வியியலில் ஒரு கருத்து முன்னதா பின்னதா என்பதே பல சமயம் வாதத்தைத் தீர்மானிக்கும். இதற்கு உதாரணம் நம் மூன்று மூலங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

## ஏபிஏ 7

அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை. இப்போது நடப்பில் இருக்கும் ஏழாம் பதிப்பு 2019இல் வெளியானது. கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும், முழு விவரம் கடைசிப் பட்டியலில் இருக்கும். நம் நூலுக்குப் பட்டியலில் வரும் பதிவு இது:

```
Vygotsky, L. S. (1978). Mind in society: The development
of higher psychological processes (M. Cole, V. John-Steiner,
S. Scribner, & E. Souberman, Eds.). Harvard University Press.
```

அச்சில் நூலின் பெயர் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். ஏழாம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊரை எழுதுவதில்லை. பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒரு பதிவில் ஊரைப் போட்டு அடுத்ததில் விட்டுவிடுகிறார்கள். சீரின்மை முதலில் தெரிவது அங்கேதான்.

ஆண்டு முக்கியம் என்றேனே, அதற்கு வருகிறேன். வைகாட்ஸ்கி பற்றிய மாணவர் கட்டுரைகளில் பாதிக்கு மேல் 'சாரம் அமைத்தல் என்ற கோட்பாட்டை வைகாட்ஸ்கி (1978) முன்வைத்தார்' என்ற வாக்கியத்தைப் பார்த்திருக்கிறேன். கொத்தனார் சுவர் எழும்பும்வரை கட்டும் அதே சாரம்தான். பிள்ளைக்குத் தேவைப்படும்வரை துணை கொடுத்து, பிறகு கழற்றிவிடுவது. ஆனால் கற்பித்தலுக்கு அந்த உருவகத்தைக் கொண்டுவந்தது வுட், புரூனர், ராஸ் மூவரின் 1976 கட்டுரை. வைகாட்ஸ்கி 1934இலேயே இறந்துவிட்டார். வாக்கியத்துக்குள்ளேயே (வுட் முதலானோர், 1976) என்று எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் 'இது யாருடையது?' என்று ஒரு நொடியாவது நிற்போம். ஏபிஏயின் பெரிய பலன் அந்த ஒரு நொடி.

மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியதென்றால் முதல் தடவையிலிருந்தே முதல் பெயரோடு 'முதலானோர்' என்று சுருக்கிவிடலாம். தமிழில் சிலர் 'மற்றும் பிறர்' என்பார்கள். எது வேண்டுமானாலும் சரி, ஆனால் கட்டுரை முழுக்க ஒன்றே இருக்கட்டும்.

மறைந்திருக்கும் செலவு பெயர்களில். ஏபிஏ குடும்பப்பெயரை முன்னால் கேட்கிறது, நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. 'க. மீனாட்சி' என்று அட்டையில் இருந்தால் 'மீனாட்சி, க.' என்று போட்டுவிடலாம், சிக்கல் இல்லை. முன்னெழுத்தை விரித்து 'மீனாட்சி கந்தசாமி' என்று அச்சிட்டிருந்தால்? பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு 'கந்தசாமி, மீ.' என்று எழுதிவிடும். கட்டுரைக்குள்ளும் கந்தசாமி சொன்னதாகவே ஆகிவிடும். நான் பின்பற்றுவது, தமிழ் ஆசிரியர்களுக்கு இயற்பெயரை முன்னால் வைத்து, மற்றதை முன்னெழுத்தாக்கி, அதை எல்லாப் பதிவிலும் ஒன்றுபோல் செய்வது. ஏபிஏ கையேட்டில் தமிழ்ப் பெயருக்கென்று தனி விதியைத் தேடிப் போகாதீர்கள். பதிவேட்டில் எழுதுவது போல நாமே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு அதை மீறாமல் இருந்தால் போதும்.

வெளிநாட்டுப் பெயரைத் தமிழில் எழுதுவதும் இதே கதைதான். வைகாட்ஸ்கி, விகோட்ஸ்கி, வைகோட்ஸ்கி என்று ஒரே கட்டுரையில் மூன்று பேர் நடமாடுவார்கள். பட்டியலிலோ ஆங்கில எழுத்தில் ஒரே ஒருவர். வாசிப்பவர் தாவ வேண்டிய இடம் அங்கேயே அறுந்துவிடுகிறது. முதல் தடவை வரும்போது தமிழ்ப் பெயருக்கு அருகில் ஆங்கில எழுத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு கடைசிவரை ஒரே தமிழ் வடிவத்தில் போவது நல்லது.

எப்போது இதுவே சரி: ஆய்வுக் கட்டுரைகள், கொள்கை ஆவணங்கள், அண்மைக்கால நூல்கள் அதிகம் வரும் கல்வியியல் கட்டுரைக்கு. துறை எதுவும் சொல்லாவிட்டால் நான் இதைத்தான் எடுப்பேன்.

## ஹார்வர்டு

பெயரைப் பார்த்து ஹார்வர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட கையேடு ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரே அதிகாரபூர்வக் கையேடு கிடையாது. ஆசிரியர், ஆண்டு என்று எழுதும் முறைகளுக்கு வைத்த பொதுப்பெயர் அது. பிரிட்டன், ஆஸ்திரேலியா பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தங்களுக்கென்று ஒரு வடிவத்தை வைத்திருக்கின்றன. ஓரிடத்தில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் இருக்கும், இன்னோரிடத்தில் வெறும் காற்புள்ளிக்குப் பின்னால் நிற்கும்.

வாசிப்பவருக்குத் தெரிவது ஏபிஏயில் தெரிவதேதான். அதனால் இதன் நன்மைகளைத் தனியாக விவரிக்கத் தேவையில்லை. செலவு மட்டும் வேறு. 'இணையத்தளத்தை எப்படி எழுதுவது?' என்று தேடினால் ஐந்து பல்கலைக்கழகங்கள் ஐந்து பதில் சொல்லும். ஒரு பதிவை ஒரு பக்கத்திலிருந்தும் இன்னொன்றை வேறு பக்கத்திலிருந்தும் எடுத்து, தெரியாமலே கலவை செய்துவிடுவோம். எல்லாமே 'ஹார்வர்டு'தான் என்பதால் பிழை என்றுகூடத் தோன்றாது.

எப்போது இதுவே சரி: நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகம் தன் சொந்த ஹார்வர்டு கையேட்டைக் கையில் கொடுத்திருந்தால். அதை மட்டும் பாருங்கள், வேறு எதையும் திறக்காதீர்கள்.

## அடிக்குறிப்பு

தமிழ்வழி ஆய்வேடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. வாக்கியத்தின் முடிவில் சின்ன எண், பக்கத்தின் அடியில் ஆசிரியர், நூல், பக்க எண். அதே நூல் அடுத்த குறிப்பிலும் வந்தால் 'மேலது, ப. 45' என்று முடித்துவிடலாம். கண்ணுக்கு இதமான முறை. வாசிப்பு தடைபடாது, தமிழ்ப் பெயரை இருக்கிறபடியே எழுதலாம், முன்பின் மாற்றும் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கியது சிகாகோ முறையின் குறிப்பு வடிவம்.

செலவு முழுவதும் அந்த 'மேலது'வில் இருக்கிறது. ஒரு ஆய்வேட்டைத் திருத்தியபோது நேரில் பார்த்தது இது. குறிப்பு 11இல் ஒரு தமிழ்ப் பாடநூல். 12, 13 இரண்டும் 'மேலது'. வழிகாட்டி சொன்னார் என்று மாணவி 11க்கும் 12க்கும் நடுவில் ஒரு அரசாணையைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தார். வேர்டு எண்களை ஒழுங்காக மாற்றிக்கொடுத்தது. அரசாணை 12 ஆனது, பழைய 12, 13 இரண்டும் 13, 14 ஆயின. ஆனால் 'மேலது' என்ற சொல் அப்படியே நின்றது. பாடநூலின் 52ஆம் பக்கம், இரண்டு பக்கமே உள்ள அரசாணையின் 52ஆம் பக்கமாகிவிட்டது. புறத்தேர்வாளர் முதலில் விரலை வைத்ததே அந்த இடத்தில்தான். கட்டு போட்டு ஒப்படைத்த பிறகு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இதற்கு வைத்தியம் உண்டு. 'மேலது'வைக் கைவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்கம் என்று எழுதுவது. சிகாகோவின் அண்மைப் பதிப்புகளும் ஆங்கிலத்தில் 'மேலது'க்குச் சமமான சொல்லைவிடச் சுருக்கக் குறிப்பையே விரும்புகின்றன. கொஞ்சம் நீளும், ஆனால் எங்கே வெட்டி ஒட்டினாலும் உடையாது.

இன்னொரு குறை, ஆண்டு கண்ணில் படாது. சுருக்கக் குறிப்பில் ஆண்டு வராது என்பதால் 1976, 1978 குழப்பத்தை இந்த முறை காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடும்.

எப்போது இதுவே சரி: கல்வி வரலாறு எழுதும்போது. அறிக்கைகள், அரசாணைகள், கடிதங்கள், பழைய இதழ்கள் என்று ஆசிரியர் பெயரே இல்லாத மூலங்கள் வரிசையாக வந்தால் அடைப்புக்குறிகள் வாக்கியத்தை விழுங்கிவிடும். அங்கே அடிக்குறிப்புக்கு ஈடு இல்லை.

## பக்கத்தில் பக்கமாக

| பார்க்க வேண்டியது | ஏபிஏ 7 | ஹார்வர்டு | அடிக்குறிப்பு |
|---|---|---|---|
| மூலத்துக்குத் தாவுதல் | பெயர் சீராக இருந்தால் ஒரே தாவல் | அதேதான் | அதே பக்கத்தில் |
| நடுவில் திருத்தினால் | உடையாது | உடையாது | 'மேலது' இருந்தால் உடையும் |
| தமிழ்ப் பெயர் | முன்பின் மாற்ற வேண்டும் | முன்பின் மாற்ற வேண்டும் | இருக்கிறபடி |
| ஆண்டு தெரிவது | எப்போதும் | எப்போதும் | முதல் குறிப்பில் மட்டும் |
| மறைந்திருக்கும் செலவு | பெயர்களின் வடிவம் | பல வடிவங்கள் கலப்பது | திருத்தம் |

சரி, முறையைத் தேர்ந்தாயிற்று. அடைப்புக்குறி எல்லாம் சரியாக இருந்தும் கட்டுரை கருத்துத்திருட்டு ஆக முடியும். இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

## மேற்கோள், சுருக்கம், சொந்த நடை

ஒரு மூலத்தைக் கட்டுரைக்குள் கொண்டுவர மூன்று வழி உண்டு. சொல்லைச் சொல்லாக மேற்கோள் குறிக்குள் எடுப்பது, ஒரு அத்தியாயத்தை இரண்டு வரியில் சுருக்குவது, ஒரு பகுதியைச் சொந்த நடையில் திருப்பி எழுதுவது. மூன்றிலும் மூலத்தைச் சுட்டியே ஆக வேண்டும். சொந்த நடையில் எழுதிவிட்டால் சுட்ட வேண்டாம் என்பது தவறான நம்பிக்கை. சொற்கள் உங்களுடையவை, கருத்து அவருடையது.

மேற்கோள் எப்போது? அந்தச் சொற்களையே நீங்கள் ஆராயப்போகிறீர்கள் என்றால். ஒரு வரையறையில் உள்ள ஒரு சொல்லோடு நீங்கள் மாறுபடுகிறீர்கள் என்றால் அதை அப்படியே காட்டத்தான் வேண்டும். சுருக்கம் ஒரு நூலின் போக்கை அறிமுகம் செய்யும்போது. மீதி எல்லாவற்றுக்கும் சொந்த நடை. ஆனால் மூன்றில் கஷ்டமானதும் அதுதான், அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் தமிழ்ப் பாடநூலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

> குழந்தை பிறர் உதவியின்றித் தானே சிக்கலைத் தீர்க்கும் நிலைக்கும், வயதுவந்தோரின் வழிகாட்டலாலோ திறன்மிக்க சகமாணவரின் துணையாலோ தீர்க்கக்கூடிய நிலைக்கும் இடையிலான தொலைவே அண்மை வளர்ச்சி மண்டலம்.

மாணவர் எழுதுவது:

> பிள்ளை மற்றவர் துணையில்லாமல் சுயமாகப் பிரச்சினையைத் தீர்க்கும் நிலைக்கும், பெரியவர்களின் வழிகாட்டுதலாலோ திறமையான சக மாணவரின் உதவியாலோ தீர்க்கக்கூடிய நிலைக்கும் நடுவிலுள்ள தூரமே அண்மை வளர்ச்சி மண்டலம் ஆகும் (வைகாட்ஸ்கி, 1978).

குழந்தை பிள்ளையானது, சிக்கல் பிரச்சினையானது, தொலைவு தூரமானது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அசையவே இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு அதே ஆள் வந்து நிற்கிறார். இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. இவர் படித்தது பாடநூலை, சுட்டியிருப்பது வைகாட்ஸ்கியை. திறக்காத புத்தகத்தைத் திறந்ததாகச் சொல்கிறார்.

தமிழில் இப்படிச் சொல் மாற்றுவது ஆங்கிலத்தைவிடச் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வடசொல், ஒரு தனித்தமிழ்ச் சொல், ஒரு பேச்சுச் சொல் என்று கைவசம் இருக்கிறது. அதனாலேயே சொல்லை மாற்றினால் நடை மாறிவிட்டது என்ற மயக்கமும் நமக்கு அதிகம்.

இப்போது அதே மாணவர் 1978 நூலையே எடுத்து 85, 86ஆம் பக்கங்களைப் படித்துவிட்டு, நூலை மூடிவைத்து எழுதினால் இப்படி வரலாம்:

> வைகாட்ஸ்கி (1978, பக். 85–86) இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். இருவருக்கும் வயது பத்து. தனியாக விட்டால் இருவருமே எட்டு வயதுக்குரிய கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். ஒருவர் உதவியதும் முதல் பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரியதுவரை போகிறது, இரண்டாவது பிள்ளையால் ஒன்பதைத் தாண்ட முடியவில்லை. தனியாகச் செய்வதை மட்டும் அளந்தால் இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள், உதவியோடு எட்டும் தூரத்தில்தான் இருவருக்கும் வேறுபாடு என்கிறார். நம் காலாண்டுத் தேர்வு அளப்பது இதில் முதல் பாதியை மட்டுமே.

இதில் வரையறையே இல்லை, ஆனால் வரையறை சொல்ல வந்தது முழுவதும் இருக்கிறது. மூலத்தைத் திறந்ததால்தான் அந்த இரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள், பாடநூலில் அவர்கள் இல்லை. 'அண்மை வளர்ச்சி மண்டலம்' போன்ற கலைச்சொல்லை இப்பத்தியில் சேர்ப்பதானால் மாற்ற வேண்டியதில்லை. கலைச்சொல்லையும் சொந்த நடைக்கு மாற்றுகிறேன் என்று 'பக்கத்து முன்னேற்ற வட்டாரம்' என்று எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தாலும், மாற்று என்று மட்டும் சொல்லிக் கொடுத்த எங்கள் மேலும் தவறு இருக்கிறது.

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 'என்கிறார்' என்ற இடத்தில் வைகாட்ஸ்கி முடிகிறார். 'நம் காலாண்டுத் தேர்வு' என்பது கட்டுரை எழுதுகிறவரின் குரல். தமிழில் வினை கடைசியில் வருவதால் நமக்கு ஒரு வசதி உண்டு. தொடக்கத்தில் பெயரைச் சொல்லிக் கதவைத் திறக்கிறோம், 'என்கிறார்', 'என்பது அவர் கருத்து' என்று சாத்துகிறோம். பல கட்டுரைகளில் இரண்டுமே இல்லாமல், ஆறு வாக்கியப் பத்தியின் முடிவில் ஒரே ஒரு அடைப்புக்குறி தொங்கும். அது கடைசி வாக்கியத்துக்கா, ஆறுக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஏபிஏயும் நீளமான சொந்த நடைப் பகுதிக்கு முதல் வாக்கியத்திலேயே சுட்டச் சொல்கிறது. பேச்சு அவரிடமே தொடர்கிறது என்று தெளிவாக இருக்கும்வரை ஒவ்வொரு வரியிலும் திரும்பச் சுட்ட வேண்டாம்.

சொந்த நடைக்குப் பக்க எண் ஏபிஏயில் கட்டாயம் இல்லை, கொடுக்கலாம். முழு நூலிலிருந்து ஒரு இடத்தை எடுக்கிறீர்கள் என்றால் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த இடத்தைத் தேடப்போவது நீங்களேதான்.

## மொழிபெயர்த்தால் தப்பிக்கலாமா

முடியாது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கி, மூலத்தைச் சொல்லாமல் விட்டால் அது கருத்துத்திருட்டுதான். மென்பொருள் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. அதே நூலைப் படித்த தேர்வாளர் பிடித்துவிடுவார்.

மூலத்தைச் சுட்டி மொழிபெயர்த்தால்? இங்கே ஏபிஏயில் ஒரு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நீங்களே மொழிபெயர்த்த பகுதி மேற்கோளாகக் கருதப்படாது, சொந்த நடையாகவே கருதப்படும். எனவே மேற்கோள் குறி போடக்கூடாது, பெயரும் ஆண்டும் போட வேண்டும். ஏற்கெனவே அச்சான தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால் அது மேற்கோள். அப்போது குறி போட்டு, மொழிபெயர்ப்பாளர் பெயரோடு அந்தத் தமிழ்ப் பதிப்பைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்த விதி கொடுக்கும் சலுகையை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். விதிப்படி சரி என்றாலும், வரிக்கு வரி மொழிபெயர்த்த பத்திகளால் ஆன கட்டுரை தமிழாகவே இருப்பதில்லை. 'மூலம் கற்பித்தல் செயல்முறையின் மேல் ஒரு தாக்கத்தைக் கொண்டிருக்கிறது' என்று போய்க்கொண்டிருக்கும். படித்ததைப் பக்கத்து மேசைத் தோழிக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள், எழுத உட்காராதீர்கள்.

## இரண்டாம் கை மூலம்

1978 நூல் கிடைக்கவில்லை, பாடநூலில் வைகாட்ஸ்கி பற்றிப் படித்ததுதான் இருக்கிறது. அப்போது நேர்மையான வழி ஒன்றுதான். கட்டுரைக்குள் 'வைகாட்ஸ்கி (1978), மீனாட்சி (2015, ப. 52) எடுத்துக்காட்டியபடி' என்பது போல எழுதி, பட்டியலில் பாடநூலை மட்டும் சேர்ப்பது. பார்க்காத நூல் பட்டியலில் வரக்கூடாது. இப்படி ஒன்றிரண்டு இருக்கலாம். பத்து இருந்தால் கட்டுரை முழுக்க ஒரே பாடநூலின் நிழல் என்று தெரிந்துவிடும்.

மூலத்தைப் பார்த்தவர்களைப் பட்டியல் காட்டிக்கொடுக்கும், பார்க்காதவர்களையும்தான். இந்த நூலுக்கு, பதிப்பாளர்களில் ஒருவரான மைக்கேல் கோலை இணையாசிரியராக்கிய பதிவு ஒன்று கட்டுரைக்குக் கட்டுரை தொற்றிக்கொண்டே போகிறது:

```
Vygotsky, L. S., & Cole, M. (1978). Mind in society: ...
Harvard university press.
```

நூலின் முகப்பைப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். 'பல்கலைக்கழகம்', 'அச்சகம்' என்ற சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள் சின்னதாக இருப்பதும் எங்கிருந்தோ சொடுக்கி எடுத்த அடையாளம். பதினைந்து மூலம் உள்ள கட்டுரைக்குப் பட்டியலைக் கையாலேயே எழுதிவிடலாம். எண்பதைத் தாண்டும் ஆய்வேட்டுக்கு ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் உதவும். எதில் எழுதினாலும் ஒவ்வொரு பதிவையும் முகப்புப் பக்கத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்க்காமல் விடாதீர்கள். ஜோட்டெரோவில் தமிழ்ப் பெயரை இரண்டு கட்டமாகப் பிரிக்காமல் ஒரே கட்டமாக வைக்கும் வசதி இருக்கிறது, கந்தசாமி பிரச்சினை அதோடு போய்விடும்.

## அந்தப் பத்து சதவீதம்

இந்தியாவில் படிப்பவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம் இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகள் ஆய்வேடுகள் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவை நான்கு படியாகப் பிரிக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மூலத்தைச் சுட்டி முறையாக எடுத்த மேற்கோள்கள், நூற்பட்டியல், பொதுவான கலைச்சொற்கள் ஆகியவை கணக்கில் வராது. பொது அறிவான அல்லது தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களும் அடுத்தடுத்து 14 சொற்கள் வரை விலக்கு.

இந்த 14ஐப் பிடித்துக்கொண்டு, பதின்மூன்று சொல்லுக்கு ஒருமுறை ஒரு சொல்லை மாற்றி எழுதலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். விலக்கு தற்செயல் ஒற்றுமைக்கு. திட்டமிட்ட ஒற்றுமைக்கு அல்ல. மேலே பார்த்த 'பிள்ளை மற்றவர் துணையில்லாமல்' வாக்கியத்தில் மூலத்தோடு அடுத்தடுத்து ஒத்துப்போகும் சொற்கள் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. மென்பொருள் கொடுக்கும் அறிக்கையில் அது சுத்தமாக வரலாம், வாய்மொழித் தேர்வில் வராது. 'இந்த வரியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்டாலே போதும்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். கட்டுரையையும் பட்டியலையும் தனித்தனியாக அச்செடுங்கள். கட்டுரையில் ஒவ்வொரு பெயரும் ஆண்டும் வரும்போது பட்டியலில் அதற்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழாத பதிவு எங்கும் பயன்படாமல் அழகுக்கு இருக்கிறது, எடுத்துவிடுங்கள். புள்ளி வைக்கப் போய்ப் பட்டியலில் இடமே இல்லாத பெயர்தான் கவலைக்குரியது, அதை எங்கே படித்தோம் என்று அன்றைக்கே தேட வேண்டும். நம் மாதிரிக் கட்டுரையை இப்படிப் பார்த்தபோது, 'புரூனர் (1976)' என்று ஓரிடத்தில் தனியாக நின்றது. பட்டியலில் அந்தப் பதிவு வுட்டின் பெயரில் இருந்தது.